பெயர் இருக்கு, வழி இல்லை!

கேள்வி: அண்ணை, சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் கட்டடங்களின் கதையை நாலைந்து வருடமாக ஊர்ப் பெயரிலேயே ஒரு தளத்தில் எழுதுகிறேன். மற்றவர்கள் அதைப் படித்துவிட்டுப் பெயரை மட்டும் சொல்கிறார்கள், இணைப்புக் கொடுப்பதில்லை. யார் யார் சொன்னார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (பாளிமென்ற் வீதி வாசகி)

பதில்: கூகிளில் பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டு, உங்கள் தளத்தைக் கழித்துத் தேடுங்கோ. தளத்தின் முகவரி example.ca என்று வைத்துக்கொள்வோம்:

```
"சென் ஜேம்ஸ் ரவுண்" -site:example.ca
```

கழிக்காவிட்டால் முதல் இரண்டு பக்கமும் நீங்களே வந்து நிற்பீர்கள். பார்க்க மனதுக்கு இதமாக இருக்கும், வேலைக்கு உதவாது.

ஆனால் தமிழில் இந்த ஒரு தேடல் போதாது. மேற்கோள் குறி உள்ளே இருப்பதை அப்படியேதான் தேடும். ஆட்களோ “ரவுணில்”, “ரவுணுக்கு”, “ரவுணின்” என்று எழுதுவார்கள். புள்ளி போய் எழுத்தே மாறிவிடுவதால் அவை அகப்படாமல் போகும். தமிழ்நாட்டுக்காரர் எழுதினால் அது “செயின்ட் ஜேம்ஸ் டவுன்”. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களில் சிலர் St. James Town என்றும் வேறு சிலர் St. Jamestown என்றும் எழுதுகிறார்கள். எல்லாவற்றையும் ஒரே வரியில் போடலாம்:

```
("ஜேம்ஸ் ரவுண்" OR "ஜேம்ஸ் ரவுணில்" OR "ஜேம்ஸ் ரவுணுக்கு" OR "ஜேம்ஸ் ரவுணின்" OR "ஜேம்ஸ் டவுன்" OR "St. James Town" OR "St. Jamestown") -site:example.ca
```

ஊர்ப் பெயரையே தளத்துக்கு வைத்தால் குப்பையும் சேர்ந்து வரும். வேர்ஜீனியாவில் ஒரு ஜேம்ஸ்ரவுண் இருக்கிறது, இங்கேயே ரெக்ஸ்டேலிலும் ஒன்று. அவற்றை -Virginia -Rexdale என்று கழித்துவிடலாம். உங்கள் கட்டடங்களுக்குக் கனடிய நகரங்களின் பெயரை வைத்த புண்ணியவான்தான் பெரிய தலையிடி. “வினிப்பெக்கில் லிப்ற் பழுது” என்று நீங்கள் எழுதினால், வினிப்பெக் நகரவாசிகள் அல்லவா பதறுவார்கள்! கட்டடப் பெயரைத் தேடும்போது பக்கத்தில் Wellesley அல்லது Parliament என்று ஒரு வீதிப் பெயரையும் சேர்த்துப் போடுங்கோ.

இன்னொன்று: யூனிகோட் வருமுன் எங்கடை ஆட்கள் நடத்திய பல தளங்கள் பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. அங்கே “தமிழ்” என்பது உள்ளுக்குள் jkpo; என்றே எழுதப்பட்டிருக்கும். யூனிகோட்டில் தேடினால் அந்தப் பக்கங்கள் வராது. படமாக ஏற்றிய பத்திரிகைப் பக்கங்களும் பெரும்பாலும் அப்படியே. அவற்றைத் தேடி நித்திரை முழிக்க வேண்டாம். கண்டுபிடித்தாலும் அச்சான தாளில் இணைப்புப் போட முடியாது.

கேள்வி: இணைப்பு இருக்கிறதா இல்லையா என்று பார்த்தாலே தெரியாதா? (ஹவார்ட் வீதி வாசகர்)

பதில்: எப்போதும் தெரியும் என்றில்லை. சில தளங்களில் இணைப்பு சாதாரண எழுத்தின் நிறத்திலேயே இருக்கும். நீல நிறத்தில் கோடிட்ட பெயரை அமத்தினால் அந்தத் தளத்துக்குள்ளேயே வேறொரு பக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போவதும் உண்டு. Ctrl+U அமத்தினால் பக்கத்தின் மூலம் திறக்கும். அதில் Ctrl+F போட்டு உங்கள் முகவரியைத் தேடுங்கோ. href என்பதற்குப் பிறகு வந்தால் இணைப்பு இருக்கிறது. ஏற்கெனவே இணைப்புத் தந்தவருக்கு “இணைப்புத் தாருங்கள்” என்று எழுதினால், அவர் கட்டுரையை நீங்கள் படிக்கவில்லை என்று உங்கள் கையாலேயே எழுதிக் கொடுத்தமாதிரி.

கேள்வி: இணைப்பில் rel="nofollow" என்று இருக்கிறதாம். சண்டை பிடிக்கலாமா? (அதே வாசகர்)

பதில்: வேண்டாம். விக்கிப்பீடியாவே 2007 முதல் வெளி இணைப்புகளுக்கு அதைத்தான் போடுகிறது. தேடுபொறி மதிப்பில் குறைந்தாலும் ஆட்கள் அதை அமத்தி உங்களிடம் வருவார்கள். கிடைத்த இணைப்பில் பிழை பிடிக்கும் கடிதம் மறுமொழியில்லாமல் போவதுதான் வழக்கம்.

கேள்வி: கண்டுபிடித்தாயிற்று. ஒரு சமூகச் செய்திமடலில் “கட்டடங்களுக்கு நகரப் பெயர்கள் வந்த கதையை ஒரு தளத்தில் படித்தோம்” என்று என் தளத்தின் பெயரோடு எழுதியிருக்கிறார்கள். எப்படிக் கேட்பது? கூச்சமாக இருக்கிறது. (மீண்டும் பாளிமென்ற் வீதி வாசகி)

பதில்: யாரிடம் கேட்பது என்பதை முதலில் பாருங்கோ. info@ என்று தொடங்கும் பொதுப் பெட்டியில் போட்டால் அது அங்கேயே உறங்கும். கட்டுரையின் கீழே எழுதியவர் பெயர் இருந்தால் அவருக்கே எழுதுங்கோ. கட்டுரை வந்த ஒன்றிரண்டு கிழமைக்குள் எழுதுவது நல்லது. அப்போதுதான் அவருக்கு அது நினைவிருக்கும், திருத்தும் வசதியும் கையில் இருக்கும். கடிதம் இவ்வளவு போதும்:

“வணக்கம். கட்டடப் பெயர்கள் பற்றிய உங்கள் கட்டுரையில் எங்கள் தளத்தைக் குறிப்பிட்டதற்கு நன்றி. மூன்றாவது பந்தியில் ‘ஒரு தளத்தில் படித்தோம்’ என்ற இடத்தில், அந்தக் கதை உள்ள பக்கத்தின் முகவரியைச் சேர்க்க முடியுமா? அதைத் தேடும் வாசகருக்கு உதவியாக இருக்கும். முகவரி: https://example.ca/city-names. வசதிப்படாவிட்டாலும் குறையில்லை.”

எந்தப் பந்தி, எந்த வரி, எந்த முகவரி என்ற மூன்றும் இருந்தால் அவர் தேடி அலையத் தேவையில்லை. முகப்புப் பக்கத்தைக் கொடுக்காமல் அந்தக் கதை இருக்கும் பக்கத்தையே கொடுங்கோ. முகப்பில் இறக்கிவிட்டால் வாசகர் அந்தக் கதையைக் காணாமல் திரும்பிப் போவார். “உங்களுக்கும் நான் இணைப்புத் தருகிறேன்” என்று பண்டமாற்றுப் பேச வேண்டாம். அளவுமீறிய இணைப்புப் பரிமாற்றத்தைக் கூகிள் ஏமாற்று வேலை என்றே தன் விதிகளில் எழுதி வைத்திருக்கிறது.

பத்து நாளில் மறுமொழி வராவிட்டால் இரண்டு வரியில் ஒரு ஞாபகமூட்டல். பிறகு விட்டுவிடுங்கோ. வெளி இணைப்பே போடுவதில்லை என்ற கொள்கை பல செய்தித் தளங்களுக்கு உண்டு, அதை எழுத்தாளரால் மாற்ற முடியாது.

கேள்வி: நூறு தளங்களுக்கு ஒரே கடிதத்தை ஒரே நேரத்தில் அனுப்பினால் வேலை சுகம்தானே? (ஷேர்போர்ன் கடைக்காரர்)

பதில்: நீங்கள் கடைக்காரர் என்பதால் கூடுதல் கவனம் தேவை. 2014 ஜூலை 1 முதல் கனடாவில் வணிக மின்செய்திகளுக்கென்றே ஒரு சட்டம் நடப்பில் இருக்கிறது. பெறுபவரின் சம்மதம், அனுப்புபவரின் அடையாளம், விலகும் வழி மூன்றையும் அது கேட்கிறது. நிறுவனங்களுக்கான தண்டம் 1 கோடி டொலர் வரை போகலாம். விற்பனைத் தளத்துக்கு இணைப்புக் கேட்பதும் வணிகச் செய்தியாகப் பார்க்கப்பட இடமுண்டு. ஒருவர் தன் மின்னஞ்சலைத் தளத்தில் வெளிப்படையாகப் போட்டு, விளம்பரம் வேண்டாம் என்று எழுதாமல் இருந்தால், அவர் வேலையோடு தொடர்புள்ள விடயத்துக்கு எழுதலாம். உங்களைக் குறிப்பிட்ட கட்டுரை பற்றி அதை எழுதியவருக்கே எழுதுவது அந்த வகை. உங்களைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாத 90 பேருக்கு எழுதுவது வேறு வகை.

கேள்வி: 2018 ஓகஸ்டில் 650 பாளிமென்ற் தீப்பிடித்தபோது பல்கனியிலிருந்து நான் எடுத்த படம் பல தளங்களில் “நன்றி: இணையம்” என்று வருகிறது! (வெல்லெஸ்லி வாசகர்)

பதில்: “இணையம்” என்ற அந்தப் படப்பிடிப்பாளர் மகா உழைப்பாளி. அதே நாளில் யாழ்ப்பாணத்திலும் மெல்பேணிலும் படம் எடுப்பார், சம்பளமும் கேட்கமாட்டார்.

பெயரே இல்லாத இடத்தில் பெயரைத் தேடிப் பயனில்லை, படத்தைக் கொண்டுதான் படத்தைப் பிடிக்க வேண்டும். TinEye என்ற தளம் எங்கள் ரொறன்ரோவில் பிறந்தது. படத்தை ஏற்றினால் சுருக்கியதையும் வெட்டியதையும் காட்டும், பழையதிலிருந்து வரிசைப்படுத்தவும் செய்யும். அதன் கண்ணில் படாத பக்கங்களும் உண்டு என்பதால் கூகிள் லென்ஸிலும் ஒருமுறை போடுங்கோ. மூலப் படத்தைத் தொலைபேசியில் அழிக்காமல் வைத்திருங்கோ. எடுத்த நாளும் நேரமும் அதற்குள் இருக்கும்.

இங்கே உங்கள் கை கொஞ்சம் ஓங்கியிருக்கிறது, படத்தின் உரிமை எடுத்தவருக்குரியது. என்றாலும் முதல் கடிதத்திலேயே வழக்கறிஞர் பாணி வேண்டாம். “இது நான் எடுத்த படம், பெயரும் இந்த முகவரியும் போட்டால் படம் அங்கேயே இருக்கலாம்” என்று எழுதுங்கோ. படத்தைத் தூக்கச் சொன்னால் தூக்கிவிடுவார்கள், இணைப்பும் சேர்ந்து போய்விடும்.

கேள்வி: இணைப்புப் போட 50 டொலர் கேட்கிறார் ஒருவர். (பெயர் வேண்டாம்)

பதில்: காசு கொடுத்த இணைப்பில் rel="sponsored" என்று போடச் சொல்கிறது கூகிள். அதைப் போடுவாரா என்று அவரிடம் கேட்டுப் பாருங்கோ. 50 டொலர் மிச்சம்.