கரன்ட் இருக்கும்போது ஆகும் செலவு

இன்வெர்ட்டர் வாங்குபவர் கடைக்காரரிடம் பணத்தை எண்ணிக் கொடுத்ததும் செலவு முடிந்தது என்று நினைக்கிறார். செலவு அன்றுதான் அந்த வீட்டில் பால் காய்ச்சிக் குடியேறுகிறது.

மூன்று மின்விசிறி, நான்கு எல்இடி விளக்கு, சீரியல் தடைபடாமலிருக்க ஒரு டிவி உள்ள வீட்டை எடுத்துக்கொள்ளலாம். எல்லாம் சேர்ந்து 350 வாட். இதற்கு 900 விஏ இன்வெர்ட்டரும், 12 வோல்ட், 150 ஏஹெச் டியூபுலர் பேட்டரியும் போதும். 12-ஐ 150-ஆல் பெருக்கினால் 1,800 வாட்-மணி. ஆனால் பேட்டரியை அடிவரை வழித்தெடுக்கக் கூடாது. இன்வெர்ட்டரும் தன் பங்கைத் தின்னும். மிஞ்சுவது ஏறக்குறைய 1,100, அதாவது மூன்று மணி நேரம். பேட்டரி 15,000, இன்வெர்ட்டர் 7,500, டிராலியும் வயரிங்கும் 1,500 என்று வைத்தால் முதல் செலவு 24,000 ரூபாய்.

அடுத்தது ஓட்டும் செலவு. மாதம் பத்து மணி நேரம் கரன்ட் போனால், சார்ஜ் ஏற்றுவதில் கூடுதலாக வீணாவது இரண்டு யூனிட்டுக்குள்தான். மீதி நாளெல்லாம் இன்வெர்ட்டர் சுவரோரம் சும்மா இருந்தபடியே சுமார் 15 வாட் குடிக்கிறது. அது மாதம் 11 யூனிட். வேலை செய்த நேரத்தைவிடச் சும்மா இருந்த நேரத்துக்குச் சம்பளம் அதிகம். யூனிட் 6 ரூபாய் என்றால் இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு 900 ரூபாய். டிஸ்டில்டு வாட்டருக்கு 300. செலவை மிச்சம் பிடிக்கக் குழாய்த் தண்ணீர் ஊற்றினால் அதிலுள்ள உப்பு தகடுகளைக் கெடுத்து, ஐந்தாம் ஆண்டில் பேட்டரி மாற்றும் செலவை மூன்றாம் ஆண்டே கூட்டிவரும்.

பேட்டரி சொல்லிவிட்டுத்தான் போகும். மூன்று மணி நேரம் ஓடியது முக்கால் மணியில் படுக்கும். ஆறு செல்களில் ஒன்று மட்டும் அடிக்கடி தண்ணீர் கேட்கும். அப்போது வாரன்டி அட்டை தேடப்படும். '36 ப்ளஸ் 24' என்று கடைக்காரர் சொன்னதில், 36 மாதம்தான் இலவச மாற்று. மற்ற 24-இல் புதிய பேட்டரிக்குத் தள்ளுபடி மட்டுமே. 61-ஆம் மாதம் படுத்த பேட்டரிக்கு அனுதாபம் மட்டும் கிடைக்கும். ஆயினும் உள்ளே ஈயம் இருப்பதால் எடைக்கு 4,000 தேறலாம். புதியது 17,000 ஆகியிருந்தால் கையிலிருந்து போவது 13,000.

பத்தாண்டைக் கூட்டினால்: முதல் செலவு 24,000, மாற்று பேட்டரி 13,000, மின்சாரம் 9,000, தண்ணீர் 3,000, மொத்தம் 49,000. இரண்டாம் பேட்டரியின் எடைக்காசு 4,000-ஐக் கழித்தால் 45,000. இருளில் ஓடியது 1,200 மணி நேரம். அதில் கிடைத்தது 420 யூனிட். ஒரு யூனிட்டுக்குக் கூடுதல் செலவு 107 ரூபாய். அதே மின்சாரம் கம்பியில் வந்திருந்தால் 6 ரூபாய்.