அவர்களே, அவர்களே, அவர்களே

தொழில் விருது விழாவில் பேசும் நன்றியுரையின் முதல் நிமிடம் முழுக்க ‘அவர்களே’தான். தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, பரிசு வழங்கிய வங்கி மேலாளர் அவர்களே. யாரையாவது விட்டுவிட்டால் அடுத்த ஆண்டு விருதே வராது என்கிற அச்சம் பேச்சாளரின் குரலில் தெரியும்.

என் மாமா கோவையில் வெட் கிரைண்டர் செய்கிறவர். ஊர்த் தொழில் அமைப்பு ஒன்று, விற்பனைக்குப் பிந்தைய சேவைக்காக அவருக்கு விருது கொடுத்தது. மறுநாள் காலையில் நன்றியுரை எழுதிய தாள்களை என்னிடம் நீட்டினார். “மாப்ள, விழாவுக்கு வராதவங்க பாக்கோணும். இத அப்படியே இன்ஸ்டாகிராம்ல போட்டுருங்க.”

அப்படியே போடலாம்தான். அங்கே ஒரு பதிவின் கேப்ஷனுக்கு 2,200 எழுத்து வரை இடமுண்டு. தமிழுக்கு அது அவ்வளவு தாராளமில்லை. புள்ளியும் கொம்பும் தனித்தனியாகக் கணக்காகும் என்பதால் ‘நன்றி’ என்பதற்கே ஐந்து போய்விடும். அதைவிடப் பெரிய சங்கடம், சுமார் 125 எழுத்துக்குமேல் உள்ளதெல்லாம் ‘மேலும்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். மாமாவின் உரையை அப்படியே போட்டால் வெளியே தெரிவது வணக்கமும், ஒரு தலைவரும், அரைச் செயலாளரும்தான்.

எனவே அவர்களேக்கள் முதலில் போயின. மேடையில் இருந்தவர்களை மேடையில் கூப்பிட்டாயிற்று. கைப்பேசி பார்க்கிறவர் மேடையில் இல்லை. மாமா முகம் வாடியது. ஒரு படத்தில் 20 பேர் வரை டேக் செய்யலாம், படத்தைத் தட்டினால் பெயர்கள் அதன்மேலேயே தெரியும், அவரவர் போனுக்கும் தகவல் போகும் என்றேன். ‘அவர்களே’ என்று கூப்பிட்டால் போனில் மணியடிக்காது என்பதில் அவருக்கு நியாயம் தெரிந்தது.

அடுத்து “இந்த இனிய மாலைப் பொழுதில்”. படிக்கிறவர் பஸ்ஸில் காலை பதினொரு மணி வெயிலில் இருக்கிறார். “இந்த அரங்கில்”? எந்த அரங்கு? “இந்த விருதை”? படத்தில் மாமா பிடித்திருப்பது கண்ணாடிக் கேடயம். பிளாஷ் வெளிச்சம் அதில் பட்டு, எழுத்து இருந்த இடத்தில் சூரியன் உதித்திருந்தது. அரங்கில் இருந்தவர்களுக்குத் தொகுப்பாளர் சொன்ன விவரத்தை, இல்லாதவர்களுக்குக் கேப்ஷன்தான் சொல்லியாக வேண்டும். கீழே யாராவது “என்ன அவார்டுங்க?” என்று கேட்டால் கேப்ஷன் தோற்றது என்று அர்த்தம். ‘இந்த’ எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, விருதின் பெயர், ஆண்டு, கொடுத்தவர் என்று ஒரே வரி எழுதினேன்.

இவ்வளவு களையெடுத்த பிறகுதான் மூன்றாம் தாளில் ஒரு புதையல் கிடைத்தது. ஆடிட்டருக்கு நன்றி சொல்லி, கல் கொத்துகிறவர்களுக்கு நன்றி சொல்லப் போகிற வழியில், மாமா ஒரு சம்பவத்தைப் போகிறபோக்கில் சொல்லியிருந்தார். அவிநாசியில் ஒரு வீட்டில் தீபாவளிக்கு முந்தின ராத்திரி கிரைண்டர் நின்றுபோக, எங்கள் மெக்கானிக் பையில் ஒரு பெல்ட்டோடு பைக்கில் போய் மாட்டிவிட்டு வந்த கதை. விருதே அதற்குத்தான். அதற்கு உரையில் கிடைத்த இடம், வங்கி மேலாளரின் பட்டங்களுக்குக் கிடைத்ததில் பாதி.

கடைசியில் கேப்ஷன் இப்படி நின்றது:

“தீபாவளிக்கு முந்தின ராத்திரி. அவிநாசியில் ஒரு வீட்டில் கிரைண்டர் பெல்ட் அறுந்தது. டிரம்மில் பாதி அரைபட்ட உளுந்து. நம்ம மெக்கானிக் போனார். மாவு முழுசா அரைபட்ட பிறகுதான் திரும்பினார். நேற்று எங்களுக்குக் கிடைத்த சிறந்த சேவைக்கான விருது அவருக்குத்தான் சேரும். நன்றி.”

உளுந்துவரை 125க்குள் அடங்கிவிட்டது. அந்த உளுந்து என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள ‘மேலும்’ஐ அமுக்காமல் எந்தத் தமிழனாலும் இருக்க முடியாது. விருதின் முழுப் பெயர் வரியை அதற்குக் கீழே தனியாக விட்டேன்.

மாமா இரண்டு தடவை படித்தார். “நல்லாத்தான் இருக்குது. ஆனா நான் எங்க?”

“படத்துல இருக்கீங்களே மாமா.”

“இன்னொரு நன்றி சேக்கோணும் மாப்ள.” குரலைத் தாழ்த்தினார். அவ்வளவு அவர்களேக்களுக்கு நடுவில், முன்வரிசையில் பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்த அத்தையின் பெயர் உரையில் வரவேயில்லையாம். வீடு திரும்பும்வரை காரில் யாரும் பேசவில்லையாம்.

மேடையில் பேசியதைத் திருத்த முடியாது, கேப்ஷனைத் திருத்தலாம். அத்தைக்கு ஒரு வரி சேர்த்து, படத்திலும் டேக் செய்து போட்டோம். சாயங்காலம் அத்தை கருத்து எழுதியிருந்தார்: “யாருங்க இது?”

மாமா அதற்கு லைக் போடுவதா, மன்னிப்புக் கேட்பதா என்று என்னைக் கேட்டார். இரண்டும் வேண்டாம், போய் மல்லிகைப்பூ வாங்குங்கள் என்றேன்.