மாமா மகன் மேல் சந்தேகமா?

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கும் மாமா மகனோடு ஆன்லைனில் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6' ஆடுகிறேன். என் குத்து உடனே விழுகிறது. அவன் மட்டும் திடீர் திடீரென்று இடம் தாவுகிறான். ஏமாற்றுகிறானா?
– ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: அவனை விட்டுவிடுங்கள், வேலையைக் காட்டுவது வங்கக்கடல்! சென்னை–சிங்கப்பூர் 'ஐ2ஐ' கடலடிக் கேபிள் சுமார் 3,200 கி.மீ. நீளம். அதைக் கடக்க ஒளிக்கே 16 மில்லிநொடி ஆகும். நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் ஆட்டத்தில் அது ஏறத்தாழ 1 ஃபிரேம். வழியிலுள்ள ரவுட்டர்களையும் சேர்த்து 2 என்று வையுங்கள்.

பழைய முறையில், அவன் அழுத்திய பட்டன் வந்து சேரும்வரை உங்கள் குத்தும் காத்துக் கிடக்கும். இந்த ஆட்டத்தில் உள்ள ரோல்பேக் முறை காத்திருக்காது. அவன் கடைசியாக அழுத்தியதையே இன்னும் அழுத்துகிறான் என்று ஊகித்து ஆட்டத்தை ஓட்டும். விரல்கள் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறுவதில்லை என்பதால் ஊகம் பெரும்பாலும் பலிக்கும். பலிக்காவிட்டால் 2 ஃபிரேம் பின்னால் போய், உண்மையான பட்டனை வைத்து மறுபடி கணக்கிட்டு, அடுத்த படத்துக்குள் திரும்பிவிடும். அவனுடைய குத்து 4 ஃபிரேமில் விழுவது என்றால், கை ஓங்கிய முதல் 2 ஃபிரேம் உங்கள் கண்ணுக்கே வராது. நீங்கள் பார்த்த தாவல் அதுதான்.

தாவல் ஒருநேரம் சிறிதாகவும் ஒருநேரம் பெரிதாகவும் இருந்தால், கடலைவிட வைஃபை மேல்தான் சந்தேகம். லேன் கேபிள் செருகி ஆடிப் பாருங்கள்.