நீல டிக்கும் பக்கத் தையலும்

கேள்வி: கோவையில் தொழில்முனைவோர் கூட்டம் ஒன்றில் சென்னை ஜவுளிக்கடைக்காரர் ஒருவரைச் சந்தித்தேன். துவைத்தால் டி-ஷர்ட் முறுக்கிக்கொள்கிறது என்று புலம்பினார். மறுநாள் ‘உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி’ என வாட்ஸ்அப் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் விழவில்லை. ஏன்?
– பனியன் தயாரிப்பாளர், திருப்பூர்

பதில்: அன்று அவர் சட்டைப்பையில் முப்பது கார்டாவது சேர்ந்திருக்கும். முப்பது பேரும் மகிழ்ந்திருப்பார்கள். அதில் உங்கள் மகிழ்ச்சி எது என்று அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? அவருக்கு நினைவிருப்பது அவருடைய புலம்பல்தான். அங்கிருந்து தொடங்குங்கள்:

“வணக்கம் சார். காபி வரிசையில் உங்களுக்குப் பின்னால் நின்ற திருப்பூர்க்காரன். துவைத்ததும் பக்கத் தையல் வயிற்றுப் பக்கம் வந்துவிடுகிறது என்றீர்களே, அது பெரும்பாலும் டெய்லர் தப்பு அல்ல. சிங்கிள் ஜெர்சித் துணியில் நூலின் முறுக்கு, தண்ணீர் பட்டதும் தளரப் பார்ப்பதால் வருவது. துவைக்காத உருப்படி ஒன்று அனுப்பினால் மூன்று முறை துவைத்து, தையல் எத்தனை சென்டிமீட்டர் நகர்கிறது என்று அளந்து சொல்கிறேன்.”

அவ்வளவே. கேட்லாக், விலைப்பட்டியல் எதையும் பின்னால் தொங்கவிடாதீர்கள். விசாரிக்க வந்தவர் வசூலுக்கு வந்தவராகிவிடுவார். பழைய சப்ளையரைப் பற்றி அவர் ஏதாவது திட்டியிருந்தால் அதை மட்டும் மறந்துவிடுங்கள். ஃபார்வர்ட் ஆகிவிடும்!

பேசியதை மண்டபத்தை விட்டு வெளியேறுமுன் அவரவர் கார்டின் பின்புறம் குறித்துவிடுவது நல்லது. பளபள லேமினேஷன் கார்டில் மை ஒட்டாது. முதலில் உங்கள் கார்டை எடுத்துத் திருப்பிப் பாருங்கள்.