பதினொன்று புள்ளி பதினொன்று

பிரிட்டனில் 1985-ஆம் ஆண்டுச் சட்டம் ஸ்டோன் என்ற எடை அளவைக் கடைத்தெருவிலிருந்து வெளியேற்றியது. ஸ்டோன் ஊரைவிட்டா போய்விட்டது? நேராக வீட்டுக் குளியலறைக்குள் புகுந்து, எடை பார்க்கும் மெஷினில் உட்கார்ந்துகொண்டது. உருளைக்கிழங்கைக் கிலோவில் வாங்கும் லண்டன்காரர், அதைத் தின்று ஏறிய எடையை ஸ்டோனில்தான் சொல்வார். ஒரு ஸ்டோனுக்கு 14 பவுண்டு. ஒரு அடிக்கு 12 அங்குலம். பத்து விரல்களை வைத்து எண்ணப் பழகிய நமக்கு இரண்டுமே ஒத்துவராதவை.

என் மாமா லண்டன்வாசியாகி வெகுகாலம் ஆகிறது. கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைக்காரர் ஒரு பென்னி கூட்டிப் போட்டால் ரசீதோடு திரும்பிப் போய் நிற்பார். அவர் வீட்டுக்கு ஒருநாள் மருத்துவமனையிலிருந்து படிவம் வந்தது. உயரம் சென்டிமீட்டரில், எடை கிலோவில் வேண்டுமாம். மாமா 5 அடி 6 அங்குலம். 11 ஸ்டோன் 11 பவுண்டு. கைபேசியை எடுத்தார். 5.6-ஐ 30.48-ஆல் பெருக்கி 170.7 என்று எழுதினார். 11.11-ஐ 6.35-ஆல் பெருக்கி 70.5 என்று எழுதினார்.

"பார்த்தியாடா, மெட்ரிக்ல நான் எவ்வளவு எடுப்பா இருக்கேன்!" என்றார்.

எடுப்பாகத்தான் இருந்தார். மூன்று சென்டிமீட்டர் வளர்ந்து, நாலு கிலோ இளைத்திருந்தார். காலையில் இட்லியைக்கூடக் குறைக்கவில்லை.

கைபேசி தப்பாகப் பெருக்கவில்லை. தப்பு அந்தப் புள்ளியில் இருக்கிறது. 5 அடி 6 அங்குலம் என்பதை நாம் 5.6 என்று எழுதும்போது அது வெறும் தடுப்புச் சுவர். இந்தப் பக்கம் அடி, அந்தப் பக்கம் அங்குலம். கணக்குப்பொறிக்கு அது தசமப் புள்ளி. ஐந்தரை அடி ஆள் அங்கே ஒரு அங்குலத்துக்கு மேல் வளர்ந்துவிடுகிறார். கிரிக்கெட்டில் 15.3 ஓவர் என்றால் பதினைந்தரை ஓவர் என்று மாமாவுக்குத் தூக்கத்திலும் தெரியும். தன் உடம்பென்று வந்தால்தான் மறந்துபோகிறது.

இந்தப் புள்ளிக்கு ஒரு குணம் உண்டு. 1 முதல் 9 வரை, அது அங்குலமானாலும் பவுண்டானாலும், விடையைக் கொஞ்சம் கூட்டிக் காட்டும். அதிகம் போனால் உயரத்தில் நாலரை சென்டிமீட்டர், எடையில் ஒன்றரை கிலோவுக்குச் சற்று மேல். 10-ஐத் தொட்டதும் தலைகீழாகிவிடும். 5 அடி 11 அங்குலத்தை 5.11 என்று போட்டால் 180 சென்டிமீட்டர் ஆள் 156-க்குச் சுருங்கிவிடுவார். அதை எவரும் பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிடலாம். ஆளைக் கவிழ்ப்பது சின்னப் பிழைதான், நம்பும்படியாக இருக்கும். நமக்குச் சாதகமாகவும் இருந்துவிட்டால் யார் மறுபடி கூட்டிப் பார்க்கப் போகிறார்கள்?

மாமி இதைவிடப் பெரிய இக்கட்டில் மாட்டிக்கொண்டார். பெண்ணுக்கு வரன் பார்க்க எக்செல்லில் பட்டியல் போட்டிருந்தார். உயரக் கட்டத்தில் 5.10 என்று அடித்தார். கடைசிப் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை என்று எக்செல் அதை விழுங்கி 5.1 ஆக்கியது. உயரவாரியாக அடுக்கச் சொன்னபோது, 5 அடி 10 அங்குலப் பையன் 5 அடி 2 அங்குலப் பையனுக்குக் கீழே போய் நின்றான். சரி, புள்ளி வேண்டாம் என்று மாமி 5-10 என்று கோடு போட்டார். எக்செல் அதைத் தேதியாக மாற்றிவிட்டது. "உயரம் கேட்டா முகூர்த்தம் சொல்லுதேடா!" என்றார். அடிக்கு ஒரு கட்டம், அங்குலத்துக்கு ஒரு கட்டம் என்று பிரித்துக் கொடுத்த பிறகுதான் பையன்கள் அவரவர் உயரத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

மாமாவுக்கும் அதே வைத்தியம்தான். இரண்டு அளவுகளுக்கு நடுவே புள்ளியே வைக்கக்கூடாது. முதலில் எல்லாவற்றையும் சின்ன அளவுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். 11 ஸ்டோன் என்றால் பதினொரு பதினாலு 154 பவுண்டு. மிச்சம் 11 சேர்த்தால் 165. இப்போது ஒரே ஒரு பெருக்கல். ஒரு பவுண்டு 0.45359237 கிலோ என்று 1959-இல் பிரிட்டனும் அமெரிக்காவும் இன்னும் சில நாடுகளும் சேர்ந்து முடிவு செய்தன. வீட்டுக்கு 0.4536 போதும். விடை 74.84 கிலோ. உயரமும் அப்படியே: ஐந்து பன்னிரண்டு 60, கூட 6, ஆக 66 அங்குலம். ஒரு அங்குலம் துல்லியமாக 2.54 சென்டிமீட்டர். விடை 167.64. முழு எண்ணாக்குவது கடைசியில், ஒரே தடவை.

விடை சரிதானா என்று பார்க்க மனக்கணக்கு போதும். பவுண்டைப் பாதியாக்கி, அந்தப் பாதியில் பத்தில் ஒன்றைக் கழிக்க வேண்டும். 165-இல் பாதி 82.5; அதில் 8.25 போக 74.25. கைபேசி சொல்வதும் இதுவும் ஒரு கிலோவுக்குள் ஒத்துப்போனால் நிம்மதி. மாமாவின் 70.5 இந்தச் சோதனையில் தேறாது. உயரத்துக்கு 5 அடி என்றால் 152 சென்டிமீட்டர் என்பதை நினைவில் வைத்து, மேலே ஒவ்வொரு அங்குலத்துக்கும் இரண்டரை கூட்டினால் ஆயிற்று. ஆறு அங்குலத்துக்குப் பதினைந்து, 167. அங்கே 170.7 எங்கிருந்து வந்தது என்ற கேள்வி தானாக எழும்.

மெட்ரிக்கிலிருந்து திரும்பி வரும் வழியிலும் இதே பள்ளம் இருக்கிறது. மாமா மகன் 182.6 சென்டிமீட்டர். 30.48-ஆல் வகுத்தால் 5.99 வரும். "அஞ்சடி தொண்ணூத்தொம்பது அங்குலமா?" என்று மாமி அலறினார். மகன் முதலில் 5 அடியைப் பிரித்தெடுத்தான், மிச்சம் 11.89 அங்குலம். அதை முழு எண்ணாக்கி, 5 அடி 12 அங்குலம் என்று பெருமையாக அறிவித்தான். அப்படியொரு உயரம் உலகத்தில் கிடையாது. இந்தத் திசையில் முழு எண்ணாக்கிய பிறகுதான் பிரிக்க வேண்டும். 182.6-ஐ 2.54-ஆல் வகுத்தால் 71.89, அதாவது 72 அங்குலம், பன்னிரண்டால் வகுத்தால் ஆறடி, மீதி இல்லை.

இவ்வளவும் எதற்கு? மருத்துவமனைக்காரர்கள் அந்த இரண்டு எண்களையும் வாங்கிச் சும்மா வைத்துக்கொள்வதில்லை. கிலோவை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து பி.எம்.ஐ. கணக்கிடுகிறார்கள். உயரம் இரண்டு தடவை பெருக்கப்படுவதால் அதில் விழும் பிழையும் ஏறக்குறைய இரட்டிப்பாகும். மாமா எழுதியபடி 24.2. நான் திருத்தியபடி 26.6. பொதுவான எல்லை 25. அவர் ஜம்மென்று அதற்குக் கீழே நின்றுகொண்டிருந்தார். நான் கையைப் பிடித்து மேலே இழுத்து விட்டேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். தெற்காசிய வம்சாவளியினருக்கு 23-லேயே எச்சரிக்கை தொடங்குகிறது என்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் சொல்வதையும் சேர்த்துச் சொன்னேன்.

மாமா படிவத்தை மடித்து வைத்தார். "எனக்கு 25 தான்டா. பாஸ்போர்ட் மாத்தியாச்சு."

"தொப்பை தஞ்சாவூர்ல வளர்ந்ததுதானே!" என்றார் மாமி.