இணைச்சீருக்கு நிக்கறயான்னு கேட்டுப் பாரு

உன்ற சங்கதியக் கேட்டேன் கண்ணு. காலேஜ்ல கூடப் படிச்ச புள்ள, "நீ எனக்குக் குடும்பம் மாதிரி"ங்கறாளாமா. நல்லதுதான். ஆனா நீ சேலம் அஞ்சு ரோட்டுல எவளோ ஒரு புள்ளயோட காப்பி குடிக்கப் போனா, போனு மேல போனு வருதாமா. மொத புள்ளைக்கு நெத்தி பெருசாம். அடுத்தவ ஓயாமப் பேசறாளாம். அதுக்கடுத்தவ வாயே தொறக்கறதில்லயாம். ராத்திரியானா, "அவ என்ன சொன்னா, நீ என்ன சொன்ன"ன்னு ஒரு மணி நேரம் விசாரணை. போலீசு கூட இத்தன கேக்காது.

இதுக்கு நீங்க புதுசு புதுசா என்னென்னமோ பேரு வெச்சுட்டு முழிக்கறீங்க. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். குடும்பம்னா எந்தப் பக்கத்துக் குடும்பம் சாமி?

நம்ம பக்கம் ஒறவு ரெண்டு வகை. ஒண்ணு பங்காளி, இன்னொண்ணு மாமன் மச்சான். பெரியப்பன் மகளும் குடும்பந்தான், அத்த மகளும் குடும்பந்தான். ஒருத்தி தங்கச்சி, ஒருத்தி கட்டிக்கற மொற. பாட்டங்காலத்துலயே இதப் பிரிச்சு வெச்சுட்டாங்க. நீங்க டிகிரி முடிச்சவிய, ரெண்டையும் ஒரே மொடாவுல கொட்டிக் கலக்கீட்டு, "குடும்பம் மாதிரி"ன்னா என்ன வெளங்கும்?

என்ற பேத்தி ஒண்ணு சொன்னா. பின்லாந்துக்காரரு வெஸ்டர்மார்க்னு ஒருத்தரு, 1891லயே எழுதி வெச்சிருக்காராமா. பால்குடி மறந்த வயசுல இருந்து ஒரே ஊட்டுல ஒண்ணா வளந்த புள்ளைகளுக்கு, பெருசானாலும் ஒருத்தர் மேல ஒருத்தருக்கு ஆச வராதாமா. இஸ்ரேல்ல கிப்புட்ஸ்னு கூட்டுப் பண்ணை இருக்குதல்லோ, அங்க ஒண்ணா வளந்ததுக பெரும்பாலும் தங்களுக்குள்ள கட்டிக்கலையாம். 2001ல வந்த 'பிரியாத வரம் வேண்டும்' படத்துல சின்னதுல இருந்து ஒண்ணா வளந்ததுகளுக்குத்தான் காதலே வருது. சினிமாக்காரன் அந்த மனுசரப் படிக்கல போல! அது கெடக்கட்டும். நீயும் அவளும் தொட்டில்ல ஒண்ணா ஆடுனீங்களா? மீச மொளச்ச பொறகு திருச்செங்கோட்டு பஸ்ஸுல பழகுனவிய. அந்தச் சாக்கு உங்களுக்குச் செல்லாது.

கூடப் பொறந்தவளுக்கும் தம்பி மேல அக்கற இருக்கும். ஆனா அவ கேக்கற கேள்வி வேற. புள்ள எந்த ஊரு, என்ன கொலம், உன்ன நல்லா வெச்சுக்குவாளா, எப்ப ஊட்டுக்குக் கூட்டியாற? அவளுக்கு அந்தப் புள்ள உள்ள வரணும். உன்ற சிநேகிதி வாசல்லயே நின்னு ஒவ்வொருத்தியா வெரட்டறா. வித்தியாசம் தெரியுதா?

அதுக்காக, "ஆகா, அவளுக்கு எம்மேல ஆச"ன்னு காலரத் தூக்கி உட்டுக்காத. இன்னொண்ணும் இருக்கலாம். நீ பசங்களோட ஏற்காடு போனாலும் மூஞ்சியத் தூக்கறாளா? வேல கெடச்சு மெட்ராசுக்குப் போறேன்னாலும் அழுவறாளா? அப்படின்னா அவளுக்குப் பயம், தொணை போயிருமோன்னு. நீ பொம்பளப் புள்ளைகளோட போறப்ப மட்டும் பொசுங்குனா, கத வேற. இது ரெண்டுமே இல்லாம, தானும் வேண்டான்னு, அடுத்தவளுக்கும் உடாம, வைக்கப்போர்ல படுத்த நாயாட்டம் இருக்கறவங்களும் உண்டு. அப்படிப்பட்டவ கிட்ட ஒரு கும்புடு போட்டுட்டு அக்கட்டால தள்ளிப் போயிரு.

எதுன்னு எப்படிக் கண்டுபுடிக்கறது? நம்மூட்டுக் கலியாணத்துலயே வழி இருக்குது. முகூர்த்தத்துக்கு முன்னால இணைச்சீர் செய்வாங்கல்லோ? மாப்பிள்ளையையும் கூடப் பொறந்தவளையும் ஒரு சேலையால இணைச்சு வெக்கற சீரு. கூடப் பொறந்தவ இல்லாட்டி பங்காளி வழியில ஒரு புள்ளயக் கூட்டியாந்து நிறுத்துவாங்க. நீ ஒருநாள் சாவகாசமாச் சிரிச்சுட்டே கேளு: "எனக்கு அக்கா தங்கச்சி கெடயாது. என்ற கலியாணத்துல இணைச்சீருக்கு நீ வந்து நிக்கறயா?"

"சேலை என்ன நெறம் எடுக்கற? பட்டுதான் வேணும், ஆமா"ன்னு சண்டைக்கு வந்தான்னா, தங்கச்சிதான். நிம்மதியா அஞ்சு ரோட்டுக்குப் போ. பேச்சு நின்னு போயி, டம்ளரயே பாத்துட்டு உக்காந்திருந்தான்னா, வெளயாட்ட அதோட உட்டுடு. அதுக்கு மேல சாடை மாடை வேண்டாம், வாட்சப்புல கேக்கவும் வேண்டாம். நேர்ல, மொகத்தப் பாத்து, "உனக்கு எம்மேல நெனப்பு இருக்குதா"ன்னு கேட்டுரு. இல்லேன்னா இல்லதான், துருவாத. ஆனா இனிமே எவளையும் நெத்தி பெருசு, வாயி பெருசுன்னு சொல்ற சோலி வேண்டான்னும் சேத்துச் சொல்லீரு.

ஏன் நெளியற? நீ மட்டும் பெரிய யோக்கியனா? காப்பி குடிச்ச கதய ஒண்ணு உடாம அவகிட்டயே போயி எதுக்கு ஒப்பிக்கற? அவ மூஞ்சி சுருங்கறதப் பாக்கறதுக்கு உனக்கும் கொஞ்சம் இனிக்குதல்லோ? கேக்கப் போறதுக்கு முன்னால அத நல்லா ரோசன பண்ணிக்க. ஏன்னா அவ பதுலு சொல்ல மாட்டா கண்ணு. "உனக்கு?"ன்னு உன்னயத் திருப்பிக் கேப்பா.