ஃபேஸ் குளிர்கிறது, நியூட்ரல் சுடுகிறது!
மின்சாரம்: கேள்வி – பதில்

கே: எங்கள் விடுதிக்கு மூன்று ஃபேஸ் இணைப்பு. டி.பி. பாக்ஸில் பிரேக்கர்கள் எல்லாம் சாதாரணமாக இருக்கின்றன. நியூட்ரல் லிங்க்கில் மெயின் வயர் நுழையும் இடம் மட்டும் கை வைக்க முடியாமல் சுடுகிறது. டாங் டெஸ்டர் வைத்துப் பார்த்ததில் ஆர் 24 ஆம்பியர், ஒய் 9, பி 6. நியூட்ரலில் 17. மூன்று ஃபேஸ் இருந்தால் நியூட்ரலில் கரண்ட் வராது என்றுதானே சொல்கிறார்கள்?
– விடுதி நடத்துபவர், ஒத்தவாடைத் தெரு, மாமல்லபுரம்

ப: முதல் வேலை, இனிமேல் அங்கே கை வைக்காதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நியூட்ரலில் கரண்ட் வராது என்பது மூன்று ஃபேஸிலும் ஒரே அளவு லோடு இருக்கும்போது மட்டும் உண்மை. மூன்று ஃபேஸ்களின் கரண்டும் ஒரே நேரத்தில் உச்சத்துக்குப் போவதில்லை. ஒன்று ஏறும்போது மற்றது இறங்குகிறது. அளவு சமமாக இருந்தால் ஒன்றை ஒன்று கழித்துக்கொண்டு மிச்சம் பூஜ்யம் ஆகிவிடும். சமமாக இல்லையென்றால் கழிபடாத மிச்சம் நியூட்ரல் வழியாகத் திரும்புகிறது. அந்த மிச்சத்துக்கு ஒரு கணக்கு உண்டு:

```
N = √(R² + Y² + B² − RY − YB − BR)
```

உங்கள் எண்களைப் போட்டால் வர்க்கங்களின் கூட்டல் 693. பெருக்கல்களின் கூட்டல் 414. வித்தியாசம் 279, அதன் வர்க்கமூலம் 16.7. மீட்டர் 17 காட்டியிருக்கிறது. கணக்கும் மீட்டரும் ஒத்துப்போகின்றன. ஆக, உங்கள் நியூட்ரலில் ஓடுவது நியாயமாக ஓட வேண்டிய கரண்ட்தான். ஏ.சி.களும் வெந்நீர் ஹீட்டரும் ஆர் ஃபேஸிலேயே குவிந்திருப்பதைத்தான் அது சொல்கிறது.

கே: அப்படியானால் சுடுவதும் நியாயம்தானா?
– அதே வாசகர்

ப: இல்லை! 24 ஆம்பியர் போகிற ஆர் முனை சுடவில்லை, 17 போகிற நியூட்ரல் முனை சுடுகிறது. கரண்ட் குறைவாக உள்ள இடத்தில் சூடு அதிகம் என்றால் குற்றவாளி கரண்ட் அல்ல, ஜாயிண்ட்.

சூடு என்பது கரண்ட்டின் வர்க்கத்தை அந்த இடத்தின் தடையால் பெருக்கினால் வருவது. நன்றாக முறுக்கிய ஜாயிண்ட்டில் தடை அரை மில்லி ஓம் என்று வைத்துக்கொண்டால், 17 ஆம்பியருக்குப் பிறக்கும் சூடு ஒரு வாட்டில் ஏழில் ஒரு பங்குதான். திருகு தளர்ந்து, முனை கறுத்து, தடை 20 மில்லி ஓம் ஆகிவிட்டால் அதே 17 ஆம்பியருக்கு ஏறக்குறைய ஆறு வாட். ஒரு திருகுத் தலை அளவு இடத்தில் ஆறு வாட் என்பது இன்சுலேஷன் இளக வழிசெய்யும் சூடு.

கண்ணாலேயே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. கரண்ட் அதிகமாகிச் சுட்டால் கம்பி நெடுகிலும் ஒரே மாதிரி சூடு இருக்கும். ஜாயிண்ட் கெட்டுச் சுட்டால் முனையில்தான் சூடு உச்சம். அங்கிருந்து நான்கைந்து அங்குலம் தள்ளினால் குறைந்துவிடும். முனைக்கு அருகில் மட்டும் இன்சுலேஷன் பழுத்தோ கறுத்தோ இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

கே: சுடுவது தெரிந்தும் பிரேக்கர் ஏன் விழவில்லை? ஆர்.சி.சி.பி. கூட இருக்கிறதே?
– வாசகி, கோவளம்

ப: பிரேக்கர் தன் வழியாகப் போகும் ஃபேஸ் கரண்ட்டைத்தான் பார்க்கும். அது அளவுக்குள்தான் இருக்கிறது. ஆர்.சி.சி.பி., போன கரண்ட் முழுவதும் திரும்பி வந்ததா என்று மட்டும் பார்க்கும். சுடும் நியூட்ரல் வழியாகவும் முழுவதும் திரும்பி வந்துவிடுகிறது. இரண்டின் கணக்கிலும் தப்பு இல்லை. ஜாயிண்ட்டின் சூட்டைப் பார்க்கும் கருவி சாதாரண டி.பி. பாக்ஸில் கிடையாது. மனிதர்தான் பார்க்க வேண்டும்.

கே: லோடைப் பிரித்துப் போட்டால் சூடு தணிந்துவிடுமே. ஜாயிண்ட்டை ஏன் தொட வேண்டும்?
– வயர்மேன், திருக்கழுக்குன்றம்

ப: தணியும். மேலே சொன்ன விடுதியில் அதே 39 ஆம்பியரை 14, 13, 12 என்று பிரித்தால் நியூட்ரல் கரண்ட் 1.7 ஆம்பியருக்கு இறங்கிவிடும். சூடு தொண்ணூறில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். ஆனால் கெட்ட ஜாயிண்ட் அப்படியே இருக்கும். நாளைக்கே இரண்டு அறை காலியாகி, ஒரு ஃபேஸில் மட்டும் ஏ.சி. ஓடினால் பழைய கதைதான். முதலில் ஜாயிண்ட், பிறகு பிரிப்பு.

மெயினை அணைத்து, எல்லாக் கம்பியிலும் சப்ளை இல்லை என்று சோதித்த பிறகே திருகைத் தொடுங்கள். வெந்து கறுத்த முனையை அப்படியே மறுபடி முறுக்காதீர்கள். பளபளப்பான செம்பு வரும் வரை வெட்டிவிட்டு, லக் போட்டு அழுத்திக் கட்டுங்கள். லிங்க்கின் அந்தத் துளையே கறுத்துத் திருகு மரை போயிருந்தால் லிங்க்கை மாற்றிவிடுங்கள். கம்பெனி குறித்திருக்கும் முறுக்கு அளவோடு நிறுத்துங்கள். பலம் காட்டினால் மரை கழன்றுவிடும்.

கே: கடற்கரையில் மட்டும் இந்தத் தொல்லை அதிகமா? எங்கள் சிற்பக்கூடத்தில் வருடாவருடம் நியூட்ரல் கருகுகிறது.
– சிற்பி, மாமல்லபுரம்

ப: கடற்கரையில் அதிகம்தான். காற்றில் வரும் உப்பு ஜாயிண்ட்டில் படிந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. செம்பு, பித்தளை மேல் பச்சைப் பொடி பூக்கிறதே, அது இதனால்தான். உங்கள் இடத்தில் கருங்கல் தூசியும் சேர்கிறது. அது உப்பு ஈரத்தைப் பிடித்து வைக்கும் மெத்தை.

அலுமினிய சர்வீஸ் கேபிளைப் பித்தளை முனையில் நேராகச் செருகியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். அலுமினியத்தின் மேல் ஆக்சைடு உடனே படர்ந்துவிடும், அதில் மின்சாரம் போகாது. சூட்டில் அலுமினியம் பித்தளையைவிட அதிகமாக விரியும். திருகின் அழுத்தத்தில் மெல்ல நசுங்கியும் கொடுக்கும். ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் பிடி கொஞ்சம் தளரும். பிடி தளர்ந்தால் சூடு கூடும். இதற்குத்தான் இரு உலோக லக் இருக்கிறது. கம்பியைச் சுரண்டி, ஆக்சைடு தடுக்கும் பேஸ்ட் தடவி அதைப் போடச் சொல்லுங்கள். பெட்டியைக் கடலைப் பார்த்த சுவரிலிருந்து உள்ளே மாற்றி, கேபிள் கீழ்ப்பக்கமாக கிளாண்ட் வழியே நுழையும்படி செய்யுங்கள்.

கல் அறுக்கும் மெஷினும் ஆங்கிள் கிரைண்டரும் சிங்கிள் ஃபேஸ்தான். எல்லாவற்றையும் ஒரே ஃபேஸ் பிளக் வரிசையில் செருகாமல் மூன்று ஃபேஸுக்கும் பங்கிடுங்கள்.

கே: பக்கத்து அறையில் அயர்ன் பாக்ஸ் போட்டால் கூடத்து விளக்கு பளிச்சென்று எரிகிறது. லோடு கூடினால் மங்கத்தானே வேண்டும்?
– இல்லத்தரசி, செங்கல்பட்டு

ப: இந்தப் பக்கத்திலேயே அவசரமான கேள்வி உங்களுடையது. மங்கினால் வயரில் வோல்டேஜ் குறைகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரு ஃபேஸில் லோடு ஏறும்போது வேறு ஃபேஸில் விளக்கு *கூடுதலாக* எரிந்தால் நியூட்ரல் பிடி விடுகிறது என்று அர்த்தம். மெயினை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

முழுக்க அறுந்தால் என்ன ஆகும் என்று முதல் கேள்வியின் விடுதியிலேயே பார்த்துவிடலாம். எல்லாம் ஹீட்டர் போன்ற லோடு என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், அதிக லோடு உள்ள ஆர் ஃபேஸில் 230 வோல்ட்டுக்குப் பதில் 134 இருக்கும். ஒய் ஃபேஸில் 281. பி ஃபேஸில் 302. லோடு குறைவாக இருந்த அறைகளின் டி.வி.யும் ஃபிரிட்ஜும்தான் முதலில் போகும். அதே விடுதி 14, 13, 12 என்று பிரிக்கப்பட்டிருந்தால் நியூட்ரல் புள்ளி நகர்வது சுமார் 10 வோல்ட் மட்டுமே. பிரித்துப் போடுவதன் உண்மையான லாபம் இது.

கை வைக்கக் கூடாது என்று சொன்னதும் இதனால்தான். ஓடும் லோடில் நியூட்ரல் கழன்றால், கழன்ற முனையில் ஃபேஸ் வோல்டேஜ் வரை நிற்கலாம். கறுப்பு வயர் ஷாக் அடிக்காது என்பது உயிருக்கு ஆபத்தான நம்பிக்கை.

கே: கோளாறு எங்கள் வீட்டிலா, தெருக் கம்பத்திலா? எப்படித் தெரியும்?
– வாசகர், கல்பாக்கம்

ப: லோடு ஓடும்போது லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனை வைத்து, மீட்டரைத் தாண்டி வரும் இடத்தில் ஒவ்வொரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே அளக்கச் சொல்லுங்கள். அங்கே மூன்றும் சமமாக இருந்து, டி.பி. பாக்ஸில் மட்டும் ஏறியும் குறைந்தும் இருந்தால் கோளாறு உங்களுடையது. அங்கேயே ஒன்று 180, ஒன்று 270 என்று நின்றால் மின்வாரியத்துடையது. சீலை உடைக்காதீர்கள். மின்னகம் 94987 94987 எண்ணுக்குச் சொல்லுங்கள். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரை கடந்தது. அப்படி ஒரு காற்றுக்குப் பிறகு கரண்ட் வந்ததும் ஒரு விளக்கைப் போட்டுப் பார்த்து, வோல்டேஜ் அளந்த பிறகு மற்றதைப் போடுங்கள்.

கே: நியூட்ரலை எர்த்தோடு சேர்த்துக் கட்டிவிட்டால் பாதுகாப்புதானே?
– கடைக்காரர், மாமல்லபுரம்

ப: கூடவே கூடாது. நியூட்ரல் அறுந்த அன்றைக்கு உங்கள் ஃபிரிட்ஜ் கதவு முதல் தண்ணீர்க் குழாய் வரை வோல்டேஜ் ஏறும். காய்ந்த மணலில் அடித்த எர்த் ராடின் தடை 20 ஓம் என்றால் 230 வோல்ட்டுக்கு 11 ஆம்பியர்தான் போகும். பிரேக்கர் விழாது. யாராவது முன்பே இப்படிக் கட்டியிருக்கிறார்களா என்று கண்டுபிடிக்கவும் நியூட்ரல் கரண்ட் உதவும். கணக்குப்படி வருவதைவிட மீட்டர் கணிசமாகக் குறைவாகக் காட்டினால், மிச்சம் எர்த் வழியாகப் போகிறதா என்று தேடுங்கள். நான்கு வயரையும் சேர்த்து டாங் டெஸ்டருக்குள் விட்டால் பூஜ்யம் காட்ட வேண்டும்.

கே: நியூட்ரலுக்கும் தனி ஃபியூஸ்?
– மாணவர், செங்கல்பட்டு

ப: அது அறுந்தால் நியூட்ரல் அறுந்தது மாதிரிதான். 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளே அதைத் தடுத்தன. நான்கு வயரும் ஒன்றாகத் திறக்கும் நான்கு போல் சுவிட்ச் மட்டும் சரி.

கே: மூன்று ஃபேஸும் தலா 10 ஆம்பியர். ஆனாலும் நியூட்ரலில் 9 காட்டுகிறது. மீட்டர் பொய்யா?
– அலுவலகப் பராமரிப்பாளர், மறைமலைநகர்

ப: மீட்டர் உண்மையைத்தான் சொல்கிறது. கம்ப்யூட்டர், யு.பி.எஸ்., எல்.இ.டி. விளக்கு, சார்ஜர் எல்லாம் கரண்ட்டைத் துண்டு துண்டாக இழுக்கின்றன. அதில் 150 ஹெர்ட்ஸில் ஓடும் மூன்றாம் ஹார்மோனிக் இருக்கும். அது மூன்று ஃபேஸிலும் ஒரே நேரத்தில் ஏறி இறங்குவதால் நியூட்ரலில் கழிபடாமல் கூடுகிறது. தலா 3 ஆம்பியர் என்றால் 9. லோடை எப்படிப் பிரித்தாலும் இது குறையாது. ஃபேஸ் அளவைவிட மெலிந்த நியூட்ரல் வயர் உங்கள் கட்டடத்தில் இருக்கவே கூடாது. அளக்க ட்ரூ ஆர்.எம்.எஸ். மீட்டரைப் பயன்படுத்துங்கள். சாதாரண மீட்டர் இந்த இடத்தில் குறைத்துக் காட்டும்.

கே: எவ்வளவு நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்?
– வாசகர், சதுரங்கப்பட்டினம்

ப: கடற்கரையில் வருடத்துக்கு இரண்டு முறை, கோடை தொடங்கும் முன்பும் வடகிழக்குப் பருவமழை முடிந்ததும். ஏ.சி. எல்லாம் ஓடும் நேரத்தில் நான்கு வயரின் கரண்ட்டையும் அளந்து, தேதி போட்டு டி.பி. பாக்ஸ் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டுங்கள். மூன்று ஃபேஸை மட்டும் அளந்து கிளம்பும் ஆளை விடாதீர்கள். நான்காவது வயரையும் அளந்து எழுதிக் கொடுத்த பிறகு கூலி கொடுங்கள்.